‘விட்டதைப் புடிச்சிடலாம்’... டிரேடிங்கில் பணம் எங்கே போகிறது? ஜர்னல் காட்டிக்கொடுக்கும் 3 பழக்கங்கள்!

பங்குச்சந்தையில் மாதக் கடைசியில் நஷ்டம் வந்தால், பெரும்பாலான டிரேடர்கள் சொல்லும் காரணம் ஒன்றுதான்: “மார்க்கெட் சரியில்ல.” ஆனால் அதே மாதத்தில் போட்ட ஒவ்வொரு ஆர்டருக்கும் என்ன காரணம் என்று எழுதி வைத்திருந்தால், பல நேரங்களில் வேறு ஒரு பதில் கிடைக்கும். மார்க்கெட் எடுத்துக்கொண்ட பணம் கொஞ்சம்தான். மீதியை எடுத்துக்கொண்டது டிரேடரின் சொந்தப் பழக்கங்கள்.

இந்தக் கேள்வி சாதாரணமானது அல்ல. 2022 முதல் 2024 வரையிலான மூன்று நிதியாண்டுகளில், ஃபியூச்சர்ஸ் அண்ட் ஆப்ஷன்ஸில் ஈடுபட்ட ஒரு கோடிக்கும் மேற்பட்ட தனிநபர்களில் 93% பேர் நஷ்டம் அடைந்ததாக, 2024 செப்டம்பரில் செபி வெளியிட்ட ஆய்வு கூறியது. அவர்களின் மொத்த நஷ்டம் 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கும் அதிகம். இதில் கவனிக்க வேண்டிய இன்னொரு தகவலும் உண்டு. தொடர்ந்து இரண்டு ஆண்டுகள் நஷ்டம் அடைந்தவர்களில் 75%க்கும் அதிகமானோர் டிரேடிங்கை நிறுத்தவில்லை. பணம் எதனால் போகிறது என்று தெரியாமலேயே தொடர்பவர்களும் இதில் இருக்கிறார்கள். அதைத் தெரிந்துகொள்ள உதவும் கருவிதான் ‘டிரேடிங் ஜர்னல்’.

புரோக்கர் தரும் கணக்கு போதாதா?

வாங்கிய விலை, விற்ற விலை, நேரம், எண்ணிக்கை, கட்டணங்கள், வரி எல்லாமே புரோக்கர் அனுப்பும் கான்ட்ராக்ட் நோட்டில் இருக்கும். மாத லாப, நஷ்டக் கணக்கையும் செயலியில் இருந்து டவுன்லோடு செய்துகொள்ளலாம். ஆனால் அந்தக் கணக்கு ‘என்ன நடந்தது’ என்பதை மட்டுமே சொல்லும். ‘ஏன் வாங்கினேன்’ என்பதற்கு அதில் இடமில்லை.

ஜர்னல் என்பது அந்த ‘ஏன்’ என்பதைப் பதிவு செய்யும் நோட்டு. எக்செல், கூகுள் ஷீட், இல்லையென்றால் ஒரு நாற்பது பக்க நோட்டு, எதுவாக இருந்தாலும் போதும். நிபந்தனை ஒன்றுதான். காரணத்தை ஆர்டர் போடுவதற்கு முன்பே எழுத வேண்டும். ராத்திரி உட்கார்ந்து எழுதினால், லாபம் வந்த டிரேடுக்கு ‘திட்டமிட்டுத்தான் எடுத்தேன்’ என்றும், நஷ்டம் வந்ததற்கு ‘அவசரப்பட்டுட்டேன்’ என்றும் மனசு கதையை மாற்றிவிடும்.

ஆர்டருக்கு முன்பு எழுத வேண்டியவை ஐந்து:

1. பங்கின் பெயரை முதலில் எங்கே பார்த்தேன்?
2. ஒரே வரியில், எதற்காக வாங்குகிறேன்?
3. எந்த விலையில் நஷ்டத்தை ஏற்று வெளியேறுவேன் (ஸ்டாப் லாஸ்)?
4. அப்படி வெளியேறினால் எத்தனை ரூபாய் போகும்?
5. இதற்கு முந்தைய டிரேடை முடித்து எத்தனை நிமிடம் ஆகிறது?

டிரேடை முடித்த பிறகு எழுத வேண்டியவை மூன்று: எந்த விலையில் வெளியேறினேன், ஸ்டாப் லாஸை இடையில் மாற்றினேனா, கட்டணம் போக லாபமா நஷ்டமா. ஒரு டிரேடுக்கு இரண்டு நிமிடம் ஆகும். அந்த இரண்டு நிமிடத்துக்குக்கூட நேரமில்லை என்று தோன்றுகிற டிரேடுதான் பெரும்பாலும் பிரச்னைக்குரிய டிரேடாக இருக்கும்.

ஒரு மாதம், 40 டிரேட்: ஓர் உதாரணக் கணக்கு

இது எப்படி வேலை செய்கிறது என்பதை ஒரு கற்பனைக் கணக்கின் மூலம் பார்க்கலாம். 2 லட்சம் ரூபாய் முதலீட்டில் பங்குகளை டிரேட் செய்யும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். ஒரு டிரேடில் 1,000 ரூபாய்க்கு மேல் இழக்கக் கூடாது என்பது அவர் தனக்குத் தானே போட்டுக்கொண்ட விதி. அந்த மாதம் அவர் 40 டிரேட் எடுத்தார். 17 லாபம், 23 நஷ்டம். கட்டணங்கள் போக மொத்தம் 24,600 ரூபாய் நஷ்டம்.

புரோக்கர் தந்த கணக்கு இத்துடன் முடிந்துவிடுகிறது. இதை மட்டும் பார்த்தால், ‘என் ஸ்ட்ராடஜி வேலை செய்யல, வேற ஏதாவது கத்துக்கணும்’ என்றுதான் அவருக்குத் தோன்றும். அடுத்து ஏதாவது ஒரு ஆன்லைன் வகுப்புக்குப் பணம் கட்டுவார்.

ஆனால் அவர் ஜர்னல் எழுதியிருந்தார். மாதக் கடைசியில் ஒவ்வொரு டிரேடையும் அதன் காரணத்தை வைத்துப் பிரித்தார். கூகுள் ஷீட்டில் இதற்கு ஒரு வரி போதும். டிரேடின் வகை `C` வரிசையிலும், கட்டணம் போக வந்த லாப, நஷ்டம் `H` வரிசையிலும் இருந்தால்:

```
=SUMIF(C2:C41,"மந்தை",H2:H41)
```

‘மந்தை’ என்று குறிக்கப்பட்ட டிரேடுகளின் மொத்தத் தொகை மட்டும் தனியாக வரும். அந்தச் சொல்லை மாற்றினால் மற்ற வகைகளின் தொகை வரும். அவருக்குக் கிடைத்த விடை இதுதான்:

- திட்டப்படி எடுத்து, திட்டப்படி முடித்தவை: 21 டிரேட், 4,500 ரூபாய் லாபம்
- மற்றவர்களைப் பார்த்து எடுத்தவை: 9 டிரேட், 7,200 ரூபாய் நஷ்டம்
- ஸ்டாப் லாஸை எடுத்துவிட்டுக் காத்திருந்தவை: 3 டிரேட், 8,100 ரூபாய் நஷ்டம்
- நஷ்டமான சூட்டிலேயே எடுத்தவை: 7 டிரேட், 13,800 ரூபாய் நஷ்டம்

நாற்பதில் 19 டிரேடுகள்தான் அந்த மாதத்தை நஷ்டமாக்கியிருக்கின்றன. ஸ்ட்ராடஜியை மாற்ற வேண்டும் என்று நினைத்தவருக்கு, மாற்ற வேண்டியது வேறு என்பது இங்கேதான் தெரிந்தது.

பழக்கம் 1: ‘எல்லாரும் எடுக்குறாங்க’

மற்றவர்கள் வாங்குகிறார்கள் என்பதற்காகவே வாங்குவதை மந்தை மனப்பான்மை என்பார்கள். இதைச் செய்பவர்களுக்கு, தாங்கள் செய்கிறோம் என்பதே தெரியாது. சார்ட்டைப் பார்த்து, தானே முடிவெடுத்ததாகத்தான் நினைப்பார்கள். ‘பெயரை முதலில் எங்கே பார்த்தேன்’ என்ற கேள்விதான் அந்த நினைப்பை உடைக்கிறது.

நமது உதாரண டிரேடரின் ஒரு பதிவு இது. காலை 10:40 மணிக்கு வாட்ஸ்அப் குழுவில் ஒரு பங்கின் பெயர் வந்தது. முந்தைய நாள் அது முடிந்த விலை 220 ரூபாய். 10:52க்கு அவர் 236 ரூபாயில் 180 பங்குகள் வாங்கினார். அதாவது, ஏற்கெனவே 7% ஏறிய பிறகு. காரணம் என்ற இடத்தில் அவர் எழுதியிருந்தது: “எல்லாரும் எடுக்குறாங்க, 260 போகுமாம்.” மதியம் 225 ரூபாயில் விற்றார். நஷ்டம் 1,980 ரூபாய்.

இதில் தாமதமாக வாங்கியது மட்டும் தவறல்ல. பங்கு கிளம்பிய இடமான 220 ரூபாய்க்குக் கீழே போனால்தான் ஏற்றம் பொய்யானது என்று சொல்ல முடியும். 236ல் வாங்கியவருக்கு அந்த இடம் 16 ரூபாய் தள்ளி இருக்கிறது. 1,000 ரூபாய்க்கு மேல் இழக்கக் கூடாது என்றால் அவர் 62 பங்குகள்தான் வாங்கியிருக்க வேண்டும். வாங்கியதோ 180. கூட்டத்தோடு ஓடும்போது விலையும் தாமதம், எண்ணிக்கையும் தவறு.

அவரது 9 ‘மந்தை’ டிரேடுகளில் 4 லாபத்தில்தான் முடிந்தன. ஆனால் அந்த லாபம் சராசரியாக 700 ரூபாய். மற்ற 5 டிரேடுகளின் நஷ்டம் சராசரியாக 2,000 ரூபாய். லாபம் வந்த 4 டிரேடுகள் ஞாபகத்தில் நின்றதால்தான், அந்தக் குழுவை ‘நல்ல குரூப்’ என்று அவர் நம்பிக்கொண்டிருந்தார்.

பெயர் எங்கிருந்து வந்தது என்பதைக் குறித்து வைக்க இன்னொரு காரணமும் இருக்கிறது. யூடியூப் வீடியோக்களில் பொய்யான தகவல்களைப் பரப்பி, இரண்டு சிறு நிறுவனங்களின் பங்கு விலையை ஏற்றிவிட்டு, உயர்ந்த விலையில் தங்கள் பங்குகளை விற்றதாகக் கூறி, 2023 மார்ச்சில் பலருக்கு செபி தடை விதித்தது. இப்படிப்பட்ட இடங்களில், கடைசியாக வாங்கும் சிறு முதலீட்டாளர்கள்தான் மற்றவர்கள் வெளியேறுவதற்கான வழி.

பழக்கம் 2: ‘வாங்கின விலைக்கு வரட்டும்’

ஒரு எண் மனதில் பதிந்துவிட்டால், அதன் பிறகு எடுக்கும் முடிவுகள் அதைச் சுற்றியே வரும். கப்பல் நங்கூரத்தைச் சுற்றுவது போல என்பதால் இதற்கு ‘ஆங்கரிங்’ என்று பெயர். உளவியலாளர்கள் டேனியல் கானெமன், ஆமோஸ் ட்வெர்ஸ்கி ஆகியோர் 1974ல் வெளியிட்ட கட்டுரையில் இதற்கு ஒரு சோதனையைச் சொன்னார்கள். முதலில் ஒரு சக்கரம் சுற்றப்படும். பிறகு, ஐ.நா. சபையில் எத்தனை சதவீதம் ஆப்பிரிக்க நாடுகள் இருக்கின்றன என்று கேட்கப்படும். சக்கரத்தில் 10 வந்தவர்கள் சொன்ன பதில்களின் நடுமதிப்பு 25%. 65 வந்தவர்களுக்கு அது 45%. சக்கரத்துக்கும் ஐ.நா.வுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

டிரேடருக்கு அந்தச் சக்கரம், பங்கை வாங்கிய விலைதான். உதாரண டிரேடர் 842 ரூபாயில் 80 பங்குகள் வாங்கினார். ஸ்டாப் லாஸ் 830. அதாவது 960 ரூபாய் இழக்கத் தயார். விலை 831க்கு இறங்கியபோது ஸ்டாப் லாஸ் ஆர்டரை கேன்சல் செய்தார். அன்றே முடிக்க வேண்டிய இன்ட்ராடே டிரேடை, மதியம் டெலிவரியாக மாற்றினார். ஜர்னலில் எழுதியது: “842 வந்தா போதும், வெளிய வந்துடலாம்.” இரண்டு நாள் கழித்து 808ல் விற்றார். 960 ரூபாயில் முடிய வேண்டியது 2,720 ரூபாயில் முடிந்தது.

842 என்பது அவருக்கு மட்டுமே முக்கியமான எண். அந்தப் பங்கை வாங்க, விற்க நிற்கும் மற்றவர்களுக்கு அது தெரியவே தெரியாது. ஆனாலும் இந்தப் பழக்கம் பரவலானது. அமெரிக்க புரோக்கிங் நிறுவனம் ஒன்றின் 10,000 கணக்குகளை ஆய்வு செய்து டெரன்ஸ் ஓடீன் 1998ல் வெளியிட்ட கட்டுரையில், முதலீட்டாளர்கள் லாபத்தில் இருக்கும் பங்குகளைச் சீக்கிரம் விற்றுவிட்டு, நஷ்டத்தில் இருப்பவற்றைப் பிடித்து வைத்துக்கொள்வது தெரியவந்தது.

ஜர்னலில் இதைக் கண்டுபிடிக்க ஒரு எளிய வகுத்தல் போதும். உண்மையில் வந்த நஷ்டத்தை, திட்டமிட்ட நஷ்டத்தால் வகுக்க வேண்டும். 960 ரூபாய் திட்டமிட்டு 960 போனால் விடை 1. மேலே சொன்ன டிரேடில் 2,720ஐ 960ஆல் வகுத்தால் 2.8. கட்டணங்களாலும், விலை சட்டென்று தாவுவதாலும் 1.1, 1.2 என்று வருவது சகஜம். பெரிய செய்தியால் காலையில் விலை இடைவெளி விட்டுத் திறந்தால் அதற்கு மேலும் போகலாம். அப்படி எதுவும் நடக்காமல் 2, 3 என்று வந்தால், ஸ்டாப் லாஸ் ஸ்கிரீனில் இருந்திருக்கலாம். கையில் இல்லை என்று அர்த்தம்.

அப்படிக் காத்திருக்கும் நேரத்தில் ஜர்னலில் எழுத வேண்டிய கேள்வி ஒன்று: “இந்தப் பங்கு இப்போது என்னிடம் இல்லை என்றால், இன்றைய விலையில் வாங்குவேனா?” இல்லை என்பது பதிலானால், அவரைப் பிடித்து வைத்திருப்பது பங்கு அல்ல, பழைய விலை.

பழக்கம் 3: ‘விட்ட இடத்துலயே புடிக்கணும்’

மூன்றிலும் அதிகச் சேதம் இதில்தான். நஷ்டம் வந்த கோபத்தில், அதை உடனே மீட்கப் போடும் டிரேடைத்தான் ‘ரிவெஞ்ச் டிரேடிங்’ என்கிறார்கள். இதற்கு ஜர்னலில் எழுதிய காரணங்களைவிட, கடிகாரமும் எண்ணிக்கையுமே நல்ல சாட்சி.

உதாரண டிரேடரின் ஒரு காலை இப்படிப் போனது. 9:32க்குத் திட்டப்படி 100 பங்குகள் வாங்கினார். 9:58க்கு ஸ்டாப் லாஸ் அடித்தது. நஷ்டம் 950 ரூபாய். இதுவரை தவறு எதுவும் இல்லை. 10:02க்கு அதே பங்கில் 200 வாங்கினார், ஸ்டாப் லாஸ் இல்லை. 10:16க்கு 2,300 ரூபாய் நஷ்டத்தில் வெளியேறினார். 10:19க்கு வேறு ஒரு பங்கில் 400. காரணம் என்ற கட்டம் காலி. அதில் போனது 4,150 ரூபாய். ஒரு நாளுக்கு 1,000 ரூபாய் அளவில் தொடங்கிய நஷ்டம், 11 மணிக்கு முன்பே 7,400 ரூபாய் ஆனது.

அந்த மாதத்தின் 40 டிரேடுகளையும் ‘முந்தைய டிரேடு முடிந்து எத்தனை நிமிடம்’ என்ற வரிசைப்படி அடுக்கியபோது, விஷயம் பளிச்சென்று தெரிந்தது. நஷ்டம் வந்து 10 நிமிடத்துக்குள் எடுத்தவை 7. ஏழிலும் எண்ணிக்கை வழக்கத்தைவிட இரண்டு மடங்கு அல்லது அதற்கு மேல். அவற்றில் 5 நஷ்டம், சராசரி 3,200 ரூபாய்.

அனுபவசாலிகளும் இதற்கு விதிவிலக்கல்ல. சிகாகோ போர்ட் ஆஃப் டிரேடில் தொழில்முறை டிரேடர்களை ஆய்வு செய்து ஜோஷுவா கோவல், டைலர் ஷம்வே ஆகியோர் 2005ல் வெளியிட்ட கட்டுரை, காலையில் நஷ்டம் அடைந்தவர்கள் மதியத்தில் அதிக ரிஸ்க் எடுப்பதைக் காட்டியது.

இதில் ஏமாற்றும் இடம் ஒன்று உண்டு. அந்த 7 டிரேடுகளில் 2 லாபத்தில் முடிந்தன. ‘பார்த்தியா, புடிச்சிட்டேன்’ என்று அவற்றை ‘திட்டம்’ வகைக்கு மாற்றி எழுதத் தோன்றும். மாற்றினால் ஜர்னல் அங்கேயே பொய்யாகிவிடும். லாபம் வந்தாலும் ரிவெஞ்ச் டிரேட், ரிவெஞ்ச் டிரேட்தான். அடுத்த முறை எண்ணிக்கையை இரட்டிப்பாக்கத் தைரியம் தருவதே அந்த இரண்டு லாபங்கள்தான்.

கண்டுபிடித்த பிறகு என்ன செய்வது?

மூன்றையும் ஒரே மாதத்தில் திருத்த முயன்றால் பெரும்பாலும் எதுவும் நடக்காது. அதிகப் பணம் போன பழக்கத்துக்கு மட்டும் முதலில் ஒரு விதி போடுவது நடைமுறைக்கு ஏற்றது. உதாரண டிரேடருக்கு அது ரிவெஞ்ச் டிரேடிங். ஒரு நஷ்டத்துக்குப் பிறகு 30 நிமிடம் ஆர்டர் இல்லை. ஒரே நாளில் இரண்டு நஷ்டம் வந்தால் அன்று கடையைக் கட்டிவிட வேண்டும். மன உறுதியை மட்டும் நம்ப வேண்டியதில்லை. குறிப்பிட்ட நேரத்துக்கு டிரேடிங்கை முடக்கி வைக்கும் ‘கில் ஸ்விட்ச்’ வசதி சில புரோக்கர் செயலிகளில் இருக்கிறது.

அடுத்த மாதம் பார்க்க வேண்டியது லாபத்தை அல்ல. 10 நிமிடத்துக்குள் எடுத்த டிரேடுகள் 7ல் இருந்து எத்தனையாகக் குறைந்தன என்பதைத்தான். லாபம் மார்க்கெட்டின் கையிலும் இருக்கிறது. இந்த எண்ணிக்கை முழுக்க டிரேடரின் கையில் இருக்கிறது.

ஜர்னலால் முடியாதது எது?

திட்டப்படி எடுத்த 21 டிரேடில் 4,500 ரூபாய் லாபம் என்பதால், அந்தத் திட்டம் நல்ல திட்டம் என்று ஆகிவிடாது. அதில் 11 லாபம், 10 நஷ்டம். இரண்டு மூன்று டிரேடுகள் மாறியிருந்தாலே அந்த லாபம் காணாமல் போயிருக்கும். மார்க்கெட் ஏறும் மாதமாகவும் அது இருந்திருக்கலாம். ஏற்றம், இறக்கம் இரண்டையும் பார்த்த 100 டிரேடுகளாவது சேர்ந்த பிறகுதான் திட்டத்தைப் பற்றிக் கொஞ்சமாவது பேச முடியும்.

அப்படிச் சேர்ந்த பிறகு, விதிகளை மீறாமல் எடுத்த டிரேடுகளும் கட்டணம் போக நஷ்டத்தையே காட்டினால்? அப்போது பிரச்னை மனநிலையில் இல்லை, டிரேட் எடுக்கும் முறையில்தான் இருக்கிறது. அதை ஒழுக்கத்தால் சரிசெய்ய முடியாது. அந்த நிலையில் ஜர்னல் தரும் நேர்மையான பதில், டிரேடிங்கை நிறுத்திவிடலாம் என்பதாகவும் இருக்கலாம். வீட்டுச் செலவுக்கான பணமும், கடன் வாங்கிய பணமும் அதில் போய்க்கொண்டிருந்தால், அந்தப் பதில் எவ்வளவு சீக்கிரம் கிடைக்கிறதோ அவ்வளவு நல்லது.

(இந்தக் கட்டுரை தகவலுக்காக மட்டுமே. முதலீட்டு ஆலோசனை அல்ல. பங்குச்சந்தை முதலீடுகள் சந்தை அபாயங்களுக்கு உட்பட்டவை.)